துக்க லீவு மெயிலை அனுப்பறதுக்கு முன்னாடி திருத்திப் பாக்கறது எப்படி: பொள்ளாச்சி - கொழிஞ்சாம்பாறை பக்கம் அடிக்கடி கேக்கற கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையில டைப்பிங் சென்டர் வெச்சிருக்கேன். நம்ம சித்தூர் தாலுகாவுல இருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சிப் பக்கம் வேலைக்குப் போற பசங்க நிறைய பேரு, வீட்ல ஒரு சாவு விழுந்தா ஆபீசுக்கு மெயில் அனுப்ப எங்கிட்டத்தான் வருவாங்க, இல்லன்னா ஃபோன்ல டைப் பண்ணி "அண்ணா இத கொஞ்சம் பாருங்க"ன்னு வாட்ஸ்அப்புல போடுவாங்க. அவங்க திரும்பத் திரும்பக் கேக்கறதத்தான் இங்க எழுதறேன்.

"அண்ணா, ஆபீசுக்கு இத அனுப்பலாமா, எழுத்துப்பிழை மட்டும் பாத்தாப் போதும்"

ஒரு தம்பி அனுப்பின மெயிலையே எடுத்துக்கறேன், அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் போடறேன், பேரு ஆபீஸ் எதுவும் வராது. தேங்காய் நார் கம்பெனியில ஸ்டோர் கிளார்க். அவர் டைப் பண்ணினது அப்படியே:

> சப்ஜெக்ட்: அவதி
>
> பஹுமானப்பட்ட சார்,
> ஆழ்ந்த இரங்கலுடன் தெரிவித்துக் கொள்கிறேன். நேற்று இரவு 2 மனிக்கு என் அம்மாயி ஆஸ்பத்திரியில் மூச்சு விட முடியாமல் ரொம்ப கஷ்டப்பட்டு மரிச்சு போய்ட்டாங்க. சின்ன வயசுல இருந்து என்னை வளத்தவங்க. எனக்கு ரொம்ப விஷமமாக இருக்கிறது. ஆகவே தங்கள் தயவு செய்து தயவு கூர்ந்து எனக்கு 11 முதல் 16 வரை 5 நாள் அவதி தருமாறு தாழ்மையுடன் மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பிறகு அடியந்திரத்துக்கும் அவதி வேண்டும்.
> இப்படிக்கு தங்கள் அடிமை ஊழியன்

எழுத்துப்பிழைன்னு பாத்தா இதுல "மனிக்கு" ஒண்ணுதான் பெருசாத் தெரியும், அது "மணிக்கு". ஆனா அத மட்டும் திருத்தி அனுப்பியிருந்தா மேனேஜர் கண்டிப்பா திருப்பி ஃபோன் பண்ணியிருப்பாரு, எந்த நாள் லீவு, யாரு தவறினாங்க, என்னைக்கு வருவேன்னு. துக்க வீட்ல நிக்கற ஆளை அப்படி ஃபோன்ல கேள்வி கேக்க வெக்கக்கூடாது, அதுக்காகத்தான் நான் மெயிலைத் திருத்தறேன். அதனால முதல்ல பாக்கறது நாலே விஷயம், யாரு, எப்ப, எத்தனை நாள், என்னைக்குத் திரும்பி வருவீங்க. இந்த நாலும் மெயில்ல ஒரே அர்த்தத்துல நிக்குதான்னு பாத்துட்டுத்தான் ஒற்றும் எழுத்தும்.

"அவதின்னு எழுதினா என்ன தப்பு, எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க?"

நம்ம ஊர்ல தப்பே இல்ல தம்பி. ஸ்கூல்ல இருந்து பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் லீவுக்கு மலையாளத்துல அவதின்னுதான் காதுல விழுது. ஆனா அந்த மெயில் போறது பொள்ளாச்சியில இருக்கற ஆபீசுக்கு, அங்க தமிழ்ல அவதின்னா துன்பம், படாத பாடு. "5 நாள் அவதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்"னு படிச்சா அஞ்சு நாள் துன்பம் குடுங்கன்னு கேட்ட மாதிரி ஆயிடும். அத "விடுப்பு"ன்னு மாத்தணும். விடுமுறைன்னும் சிலர் எழுதறாங்க, அது ஆபீசே எல்லாருக்கும் விடற லீவு, பொங்கல் தீபாவளி மாதிரி. ஒருத்தர் தனக்குன்னு கேட்டு வாங்கறது விடுப்பு.

இதே மாதிரி இன்னும் மூணு சொல்லு அந்த மெயில்ல இருக்கு. "விஷமமாக இருக்கிறது"ன்னு எழுதியிருக்காரு, மலையாளத்துல விஷமம்னா மனசு கஷ்டம், தமிழ்ல விஷமம்னா குறும்பு, கெட்ட எண்ணம்னு போகும். பாட்டி இறந்த அன்னைக்கு "எனக்கு விஷமமா இருக்கு"ன்னு ஒரு மேனேஜர் படிச்சா எப்படி இருக்கும்னு யோசிங்க. அந்த வரியையே எடுத்துடலாம், ஏன்னா பாட்டி தவறினா மனசு கஷ்டப்படும்னு யாருக்கும் எழுதிச் சொல்ல வேண்டியதில்ல. வெச்சே ஆகணும்னா "மிகுந்த வருத்தத்தில் இருக்கிறேன்"னு வெச்சுக்கலாம்.

அடியந்திரம்னா நமக்கு பதினாறாம் நாள் காரியம், நம்ம பக்கம் யாருக்கும் சந்தேகமே வராது. அந்தப் பக்கம் ஆளுங்களுக்கு அது புரியாது, மலையாளம் அரைகுறையாத் தெரிஞ்சவருக்கோ அவசரம்னு அர்த்தம் ஆகும், ஏன்னா மலையாளத்துல அவசரத்துக்கும் அந்தச் சொல்லுதான். "பதினாறாம் நாள் காரியம்"னு எழுதிட்டா ரெண்டு பக்கமும் புரியும். பஹுமானப்பட்ட சார் "மதிப்பிற்குரிய ஐயா" ஆயிடும், மேனேஜர் அம்மாவா இருந்தா "மதிப்பிற்குரிய அம்மா". சார்னே கூப்பிட்டுப் பழகின ஆபீஸ்னா "மதிப்பிற்குரிய சார்"னு இருந்தாலும் ஒண்ணும் கெட்டுப் போகல, நான் அதுல கை வெக்கறதில்ல.

நம்ம பேச்சு தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். ரெண்டு மொழி நடுவுல பொறந்து வளந்தவங்க நாம, ஒரே வீட்ல அப்பாகிட்ட ஒண்ணு பக்கத்து வீட்டு சேச்சிகிட்ட ஒண்ணுன்னு பேசறோம். படிக்கறவரு எந்தப் பக்கம்னு பாத்து சொல்லை மாத்திக்கணும், அவ்வளவுதான்.

"அம்மாயின்னு போட்டா போதாதா, அம்மாவோட அம்மான்னு எல்லாருக்கும் தெரியுமே?"

தெரியாது. இது எனக்கே ஒரு தடவை அடிபட்டுத் தெரிஞ்சது. நம்ம கொங்கு வீடுகள்ல அம்மாயின்னா அம்மாவப் பெத்தவங்க. மலையாளிக்கு அம்மாயின்னா தாய்மாமன் பொண்டாட்டி, இல்ல அத்தை. திருநெல்வேலி, மதுரைப் பக்கத்து மேனேஜர்னா ஆச்சி, அம்மாச்சின்னு அவங்களுக்கு வேற வேற பேரு. ஹெச்ஆர்ல இருக்கறவர் மலையாளியா இருந்தா அத்தை முறைக்கு எதுக்கு இத்தனை நாள்னு நினைச்சுடுவாரு. அதே மாதிரி அப்பாரு, அப்புச்சி, ஆத்தா எல்லாமே. மெயில்ல "தாய்வழிப் பாட்டி", "தந்தைவழித் தாத்தா"ன்னு போடுங்க, இல்ல இன்னும் எளிசா "என் அம்மாவின் தாயார்"னு. தாய்வழிப் பாட்டின்னு எழுதும்போது நடுவுல அந்த "ப்" வரும், அத விட்டுடாதீங்க.

அந்தத் தம்பி மெயில்ல "சின்ன வயசுல இருந்து என்னை வளத்தவங்க"ன்னு ஒரு வரி இருக்குல்ல. பல வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒருத்தர் கொண்டு வந்த மெயில்ல அந்த மாதிரி வரியை நான் வெட்டிட்டேன், லீவு மெயில்ல சொந்தக் கதை எதுக்குன்னு நினைச்சு. அவரு ஆபீஸ்ல அப்பா அம்மா, பொண்டாட்டி பிள்ளைன்னாத்தான் நாலஞ்சு நாள், மத்த உறவுக்கு ஒரு நாள்னு வழக்கம் போல, ஒரே நாள்தான் குடுத்தாங்க. அப்புறம் அவரு நேர்ல போய் அம்மா இல்லாம அந்தப் பாட்டிதான் வளத்தாங்கன்னு சொல்லி கண்ணு கலங்கி நின்ன பிறகுதான் மிச்ச நாள் கிடைச்சுது. அந்த ஒரு வரியை நான் வெட்டாம இருந்திருந்தா அவர் அப்படிப் போய் நிக்க வேண்டியே இருந்திருக்காது. இன்னைக்கும் அத நினைச்சா எனக்கு மனசு கேக்காது. அதனால உறவு கொஞ்சம் தூரமாத் தெரிஞ்சு ஆனா மனசுக்குப் பக்கமா இருந்தா அந்த ஒரே ஒரு வரியை விட்டு வைங்க, இலக்கணம் மட்டும் சரி பண்ணுங்க. "சிறு வயது முதல் என்னை வளர்த்தவர் அவர்."

"இறந்துட்டாங்க, காலமானார், மரணம் அடைந்தார், இயற்கை எய்தினார், எது மரியாதை?"

காலமானார். ஒரே சொல்லா சேத்து எழுதணும், ஃபோன்ல பேசி டைப் பண்ணா "காலம் ஆனார்"னு பிரிச்சுப் போட்டுடும், அத கண்டிப்பா பாருங்க. இறந்துவிட்டார்னும் எழுதலாம், மரியாதைக் குறைவு எதுவும் இல்ல. வாயால சொல்லும்போது தவறிட்டாங்கன்னு சொல்றது நம்ம பக்கத்து மென்மை, எழுத்துல காலமானார் போதும். மரிச்சு போய்ட்டாங்கன்னு எழுதினா மலையாளக் கலப்பாத் தெரியும். சிவபதவி அடைந்தார், வைகுண்ட பதவி, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் இதெல்லாம் வீட்டுப் பத்திரிகைக்கும் போஸ்டருக்கும் உரியது, எந்த மதத்துக்காரரும் ஆபீஸ் மெயில்ல காலமானார்னே எழுதிக்கலாம்.

போஸ்டர்ல இருந்து மெயிலுக்குள்ள நுழையற இன்னும் ரெண்டு சொல்லை நான் அடிக்கடி பாக்கறேன். ஒண்ணு "ஆழ்ந்த இரங்கலுடன் தெரிவிக்கிறேன்". இரங்கல் மத்தவங்க நமக்குச் சொல்றது, துக்கத்துக்கு உரியவரே எழுதற மெயில்ல அது வரக்கூடாது, அவரு "வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்"னு சொல்லலாம், இல்ல நேரா விஷயத்துக்கே வந்துடலாம். இன்னொண்ணு "அகால மரணம்". அகாலம்னா காலத்துக்கு முந்தி. எண்பது தாண்டின பாட்டிக்கு அந்தச் சொல்லு பொருந்தாது, பெரிய சொல்லா இருக்குன்னு சேத்துக்கறாங்க. 

தன் அம்மா அப்பாவையே எழுதும்போது "என் தாயார்", "என் தந்தையார்", முடிவுல "ஆர்" போட்டு காலமானார், அதுக்கு மேல திருமதி, அவர்கள்னு அடுக்க வேண்டாம். வீட்ல பாட்டியை "வா, போ"ன்னு கூப்பிட்டிருப்போம், அதே பழக்கத்துல "இறந்துவிட்டாள்"னு கை வந்துடும், அத மட்டும் ஒரு தடவை தேடிப் பாத்துடுங்க.

"எப்படித் தவறினாங்கன்னு எழுதணுமா?"

வேண்டாம். ஆஸ்பத்திரி, மூச்சுத் திணறல், ஐசியூ, எவ்வளவு கஷ்டப்பட்டாங்கன்றது எதுவும் லீவுக்குத் தேவையில்ல. அந்த மெயிலை மேனேஜர் ஹெச்ஆருக்கு ஃபார்வர்டு பண்ணுவாரு, அவங்க ஃபைல்ல போடுவாங்க, பாட்டியோட கடைசி நேரம் அத்தனை பேர் கண்ணுல பட வேண்டாம். ஆனா ஒண்ணு, எழுதினவர்கிட்ட கேக்காம அந்த வரியை எடுக்காதீங்க. சில பேருக்கு அத எழுதினாத்தான் மனசு ஆறும். "இத எடுத்துடட்டுமா தம்பி"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அந்தத் தம்பிகிட்ட கேட்டப்போ கொஞ்ச நேரம் ரிப்ளையே இல்ல, அப்புறம் "எடுத்துடுங்கண்ணா"ன்னு வந்துச்சு.

"11 முதல் 16 வரை 5 நாள்னு போட்டிருக்கேன், சரிதான?"

இங்கதான் பத்துல ஆறு மெயில் தப்பாப் போகுதுன்னு என் கண்ணால பாத்த வரைக்கும் சொல்வேன், விரல் விட்டு எண்ணாம மனக்கணக்குல பதினாறுல பதினொண்ணு போனா அஞ்சுன்னு போட்டுடறாங்க. முதல் நாளையும் கடைசி நாளையும் சேத்து எண்ணினா 11, 12, 13, 14, 15, 16, ஆறு நாள் வருது. மேனேஜருக்கு இப்ப ரெண்டு கணக்கு, தேதி ஒண்ணு சொல்லுது நாள் ஒண்ணு சொல்லுது.

தம்பிகிட்ட கேட்டேன், 16-ந் தேதி வேலைக்கு வருவியா வரமாட்டியான்னு. வருவேன்னாரு. அப்ப 16 லீவுல சேராது. ஜூன் 11 புதன்கிழமை, 15 ஞாயிறு, அவங்க கம்பெனிக்கு ஞாயிறு வார லீவு. ஆக நிஜமா வேண்டியது புதன், வியாழன், வெள்ளி, சனி, நாலே நாள். ஞாயிறு தானா வருது, திங்கள் 16 வேலைக்குப் போறாரு. சில ஆபீஸ்ல நடுவுலயோ கடைசியிலயோ வர்ற ஞாயிறையும் லீவுக் கணக்குல சேப்பாங்க, அது ஆபீசுக்கு ஆபீஸ் மாறும், அதனால மெயில்ல எந்த நாள்ல இருந்து எந்த நாள் வரை, என்னைக்குத் திரும்பி வருவேன், ரெண்டையும் போட்டுட்டா அவங்க கணக்கை அவங்க பாத்துக்குவாங்க.

தேதியை 11/6னு வெறும் எண்ணா போடாம ஜூன் 11 (புதன்)னு மாசப் பேரும் கிழமையும் சேத்துப் போடுங்க. கிழமை போட்டா தேதி தப்பா இருந்தா அப்பவே தெரிஞ்சுடும், ரெண்டும் ஒத்து வராது.

அப்புறம் "நேற்று இரவு 2 மணி". நடுராத்திரிக்கு மேல ரெண்டு மணின்னா தேதி மாறியிருக்கும், ஆனா நம்ம மனசுல அது இன்னும் நேத்து ராத்திரிதான். மெயில் புதன் காலைல போகுது, "நேற்று"ன்னு படிச்சா செவ்வாய்னு ஆகும், பின்னாடி இறப்புச் சான்றிதழ்ல புதன்னு இருக்கும், ரெண்டும் முரண்படும். "இன்று (ஜூன் 11, புதன்) அதிகாலை 2 மணிக்கு"ன்னு போட்டா பிரச்சனையே இல்ல.

பதினாறாம் நாள் காரியம் வேற. சாவு விழுந்த நாளையே முதல் நாளா வெச்சு எண்ணினா ஜூன் 26, வியாழன். எங்க வழக்கம் இதுன்னாலும் சில வீட்ல கிழமை பாத்து முன்ன பின்ன மாத்துவாங்க, சில வீட்ல சீக்கிரமே முடிச்சுடுவாங்க, அதனால வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுட்டு எழுதுங்க. முடிவாகலன்னா "நாள் முடிவானதும் தெரிவிக்கிறேன்"னு ஒரு வரி. அந்த ஒரு நாளை முதல் லீவோட ஒட்டாம தனி வரியாப் போடுங்க, ஒட்டினா 11-ல இருந்து 26 வரைக்கும் லீவு கேக்கறாருன்னு படிக்க வாய்ப்பு இருக்கு, அப்படி ஒரு தடவை நடந்தும் இருக்கு.

"துக்க விடுப்புன்னே கேக்கலாமா, இல்ல எந்த லீவுன்னு சொல்லணுமா?"

துக்க லீவுன்னு தனியா எல்லா ஆபீஸ்லயும் கிடையாது. நிறைய இடத்துல தற்செயல் விடுப்புல கழிப்பாங்க, அது தீந்து போயிருந்தா ஈட்டிய விடுப்புல. உங்க ஆபீஸ்ல எதுன்னு தெரிஞ்சா அந்தப் பேரைப் போடுங்க. தெரியலன்னா "விடுப்பு"ன்னு மட்டும் எழுதுங்க, தப்பான பேரைப் போட்டா அத மாத்தச் சொல்லி திரும்ப மெயில் வரும்.

"ரொம்ப சிம்பிளா எழுதினா மரியாதை குறைஞ்சுடாதா? தாழ்மையுடன் எல்லாம் எடுத்துட்டீங்களே"

இந்தக் கேள்வி எனக்குப் புரியுது, சின்ன வேலையில இருக்கறவங்க பயம் அது. ஒரு வரி குறைச்சா திமிர்னு நினைச்சுடுவாங்களோன்னு. ஆனா தயவு செய்து, தயவு கூர்ந்து, தாழ்மையுடன், மிகத் தாழ்மையுடன்னு நாலு தடவை வந்தா படிக்கறவருக்கு நீங்க கேக்கக்கூடாதத கேக்கற மாதிரி தோணும். பாட்டி தவறினதுக்கு லீவு கேக்கறதுல குனிய ஒண்ணும் இல்ல. "மதிப்பிற்குரிய ஐயா"ன்னு ஆரம்பிச்சு, "வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்"னு ஒரு தடவை கேட்டு, "பணிவுடன்"னு முடிச்சா மரியாதை முழுசா வந்துடுச்சு. அடிமை ஊழியன்றத நான் கண்டிப்பா எடுத்துடுவேன், இது ஒண்ணுல மட்டும் எழுதினவரு வேண்டாம்னு சொன்னாலும் கொஞ்சம் வாதாடுவேன்.

மேனேஜரைக் குறிக்கற சொல்லுல ஒரு சின்ன வித்தியாசம் இருக்கு. "தங்கள் எனக்கு விடுப்பு தருமாறு"ன்னு எழுதினா தப்பு, நீங்க தரணும்னு வர்ற இடத்துல "தாங்கள்". உங்களோடதுன்னு வர்ற இடத்துல "தங்கள்", தங்கள் அலுவலகம் மாதிரி. குழப்பமா இருந்தா ரெண்டையும் எடுத்துடுங்க, "விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்"னாலே யாருகிட்டன்னு தெரியும்.

"சரிண்ணா, முழுசா எப்படி வந்துச்சு, காட்டுங்க"

> சப்ஜெக்ட்: பாட்டி காலமானதால் விடுப்பு - ஜூன் 11 முதல் 14 வரை
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> என் தாய்வழிப் பாட்டி இன்று (ஜூன் 11, புதன்) அதிகாலை 2 மணிக்குக் காலமானார். சிறு வயது முதல் என்னை வளர்த்தவர் அவர். இறுதிச் சடங்கு இன்று மாலை எங்கள் ஊரில் நடக்கிறது.
>
> ஜூன் 11 (புதன்) முதல் ஜூன் 14 (சனி) வரை 4 நாட்கள் எனக்கு விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜூன் 16 (திங்கள்) காலை பணிக்குத் திரும்புவேன்.
>
> பதினாறாம் நாள் காரியம் ஜூன் 26 (வியாழன்) அன்று நடக்கிறது. அன்று ஒரு நாளும் விடுப்பு தேவைப்படும்.
>
> ஸ்டோர் சாவியும் இந்த வார இருப்புப் பதிவேடும் உதவியாளரிடம் உள்ளன.
>
> பணிவுடன்,
> (பெயர்)
> ஸ்டோர் கிளார்க்

சாவி வரி நான் சேத்தது இல்ல, தம்பி தானாவே சொன்னது, "அண்ணா சாவி எங்கிட்ட இல்ல, நேத்தே குடுத்துட்டேன், அத எழுதணுமா"ன்னு. எழுதணும். ஸ்டோர் கிளார்க் வரலன்னா மேனேஜருக்கு முதல்ல வர்ற கவலை அதுதான், அந்த ஒரு வரி இருந்தா சாவு வீட்டுக்கு ஃபோன் வராது. அஸ்தி கரைக்க பவானி போறதா பேரூர் போறதா, யாரு யாரு வராங்கன்றதெல்லாம் அவரு ஃபோன்ல எங்கிட்ட சொன்னாரு, நானும் கேட்டுக்கிட்டேன், மெயிலுக்குள்ள வரல.

"ஒற்று எங்க போடறது, எனக்கு அது வரவே மாட்டேங்குது"

இந்த மாதிரி மெயிலுக்கு நாலு இடம் தெரிஞ்சா போதும். இறுதிச் சடங்கு, தாய்வழிப் பாட்டி, மணிக்குக் காலமானார், பணிக்குத் திரும்புவேன். எப்பவும் இந்த நாலுலதான் விட்டுப் போகும். வாய்விட்டு நிதானமா படிச்சா நாக்கே அந்த இடத்துல அழுத்தும், அங்க போடுங்க. நாட்களா நாள்களான்னு கேப்பாங்க, ரெண்டும் புழக்கத்துல இருக்கு, எதுன்னாலும் ஒரே மாதிரி போடுங்க.

ஒரு ஒற்று விட்டுப் போனா யாரும் லீவைக் குறைக்கப் போறதில்ல. தேதி தப்பினாத்தான் குறையும்.

"கம்ப்யூட்டர்ல நல்லா டைப் பண்ணி அனுப்பினேன், அங்க கோணல் மாணலா இங்கிலீஷ் எழுத்தா தெரியுதாம்"

பழைய பாமினி மாதிரி ஃபாண்ட்ல அடிச்சு மெயில்ல ஒட்டியிருப்பீங்க. அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல மதிப்பிற்குரிய அப்படின்றது `kjpg;gpw;Fhpa` னு தெரியும். யூனிகோடுல அடிங்க, ஃபோன் கீபோர்டுல வர்றது எல்லாம் யூனிகோடுதான். அனுப்பறதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் ஃபோனுக்கு ஒரு காப்பி அனுப்பிப் பாத்துட்டா தெரிஞ்சுடும்.

"சூப்பர்வைசர் மலையாளி, தமிழ் பேசுவாரு, படிக்க வராது"

அவருக்கு ஃபோன் பண்ணி சொல்லிடுங்க, மெயில் ஆபீசுக்குப் போகட்டும். ஆபீஸ்ல இங்கிலீஷ்லதான் கேப்பாங்கன்னா இங்கிலீஷ்லயும் இதே நாலஞ்சு வரிதான், ஆனா ரெண்டு மொழியிலயும் அனுப்பினா தேதியையும் நாள் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒத்துப் பாருங்க, ஒண்ணுல திருத்திட்டு இன்னொண்ணுல மறந்துடறது ரொம்ப சகஜம்.

"துக்கத்துல இருக்கறவர்கிட்ட இது தப்பு அது தப்புன்னு எப்படிண்ணா சொல்றது?"

சொல்லாதீங்க. சிவப்புல கோடு போட்டுத் திருப்பி அனுப்பாதீங்க. முதல்ல எப்ப எடுக்கறாங்க, சாப்பிட்டியான்னு கேளுங்க, அப்புறம் கேள்வியா கேளுங்க, "16 வேலைக்கு வருவீங்களா", "அம்மாவோட அம்மாதான தம்பி". பதிலை வெச்சு நீங்களே திருத்தி முழு மெயிலா அனுப்பிடுங்க, அவரு அத அப்படியே ஆபீசுக்கு அனுப்பற மாதிரி. அந்தத் தம்பிக்கு நான் அனுப்பினப்போ கீழ ஒண்ணு மட்டும் எழுதினேன், "உன் வரி எதையும் மாத்தல, பாட்டி வளத்ததையும் வெச்சிருக்கேன், தேதி மட்டும் ஒரு தடவை பாத்துக்க"ன்னு. அவர் சொல்லு பாதி மாறித்தான் போச்சு, ஆனா அவர் சொல்ல வந்தது எதுவும் மாறல, அதனால அப்படி எழுதினது பொய்யின்னு எனக்குத் தோணல.

"லீவு ஓகேன்னு ரிப்ளை வந்துச்சு, திரும்ப பெருசா நன்றி எழுதணுமா?"

"கிடைத்தது, நன்றி ஐயா." அவ்வளவு போதும், அதையும் எடுத்து முடிச்சுட்டு வந்து ராத்திரி அனுப்பிக்கலாம்.